வானத்தில் கரண்ட் கம்பி: அழித்த இடம் காட்டிக்கொடுத்தால் என்ன செய்வது

உடுமலைக்கும் பொள்ளாச்சிக்கும் நடுவே காலை வெளிச்சத்தில் எடுத்த ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம். முன்னால் பி.ஏ.பி. வாய்க்கால், கரையில் ஒற்றைப் பனை, தள்ளி இரண்டு காற்றாலை, அதற்கும் பின்னால் ஆனைமலைத் தொடர். படத்தின் குறுக்கே, இடது ஓரத்திலிருந்து வலது ஓரம் வரை, 11 கே.வி. லைனின் மூன்று கம்பிகள். அவை வெறும் வானத்தில் தொடங்கி, மெல்லிய மேகத்தைக் கடந்து, பனையின் தலைக்குள் புகுந்து, மலை விளிம்புக்குக் கீழே இறங்கிப் போகின்றன.

கம்பி நீக்கும் வேலையில் தவறு பெரும்பாலும் வெறும் வானத்தில் நடப்பதில்லை. கம்பி வேறொன்றைத் தொடும் இடத்தில்தான் நடக்கிறது. ஓலை, மலை விளிம்பு, காற்றாலை இறக்கை, பக்கத்துக் கம்பி என்று அது எதைத் தொட்டாலும் அங்கே சிக்கல் உண்டு. அதனால் தொடும் இடங்களை முதலில் கையால் அறுத்துவிட்டு, மிச்சமிருக்கும் நீளக் கம்பியைக் கடைசியில் அழிப்பதே சரியான வரிசை. கீழே வரும் கோளாறுகளில் பாதிக்கு மேல், இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்வதால் வருபவை.

பெயர்களெல்லாம் ஃபோட்டோஷாப் திரையில் உள்ளபடி தரப்பட்டுள்ளன. கிம்ப் பயன்படுத்துகிறவர்களுக்கு `Heal`, `Clone` இரண்டு கருவிகளும் இதே முறையில்தான் வேலை செய்யும். மாதிரி எடுக்க மட்டும் Alt-க்குப் பதிலாக Ctrl அழுத்த வேண்டும்.

தொடங்கும் முன்

ரா ஃபைலைத் திறக்கும்போதே லென்ஸ் திருத்தத்தையும் `Remove Chromatic Aberration`-ஐயும் போட்டுவிடுங்கள். துகளைக் குறைக்கும் `Noise Reduction`-உம் இங்கேயே முடியட்டும். ஷார்ப்பன் செய்வது, `Clarity`, `Dehaze` மூன்றையும் பூஜ்யத்தில் வைத்து, கம்பி போன பிறகு போடுங்கள். 16 பிட்டில் திறந்து, மேலே ஒரு காலி லேயர் போட்டு, எல்லா வேலையையும் அந்த லேயரில் மட்டும் செய்யுங்கள். `Spot Healing Brush`-இல் `Sample All Layers` டிக் இருக்க வேண்டும். `Clone Stamp`, `Healing Brush` இரண்டிலும் `Sample` என்ற இடத்தில் `Current & Below` இருக்க வேண்டும். தவறு நடந்தால் அந்தத் துண்டை மட்டும் அழிரப்பரால் அழித்து மறுபடி செய்யலாம், அடியில் இருக்கும் படம் கெடாது.

கோளாறு: கம்பி போய்விட்டது, ஆனால் அது இருந்த தடம் வெளுத்த கோடாகத் தெரிகிறது

படத்தை 300 சதவீதத்துக்குப் பெரிதாக்கி, இன்னும் அழிக்காத ஒரு கம்பியைப் பாருங்கள். நடுவில் கறுப்பாக ஒன்றிரண்டு பிக்ஸல், இருபுறமும் சாம்பல் நிறத்தில் ஒரு பிக்ஸல், அதற்கும் வெளியே வானத்தைவிடச் சற்று வெளிச்சமான ஒரு கரை இருக்கும். அந்த வெளிச்சக் கரை ஷார்ப்பன் செய்ததால் வருவது. கேமராவிலேயே ஜேபெக்காக எடுத்த படத்தில் அது கட்டாயம் இருக்கும்.

கணக்கும் இதைத்தான் சொல்கிறது. 10 மி.மீ. பருமன் கம்பி 20 மீட்டர் தள்ளி இருக்கிறது, 24 மி.மீ. லென்ஸ், 24 மெகாபிக்ஸல் ஃபுல் ஃபிரேம் கேமரா என்று வைத்துக்கொள்வோம். கம்பியின் உருவம் சென்சாரில் 0.012 மி.மீ. அகலம்தான் விழும். அந்தக் கேமராவில் ஒரு பிக்ஸல் 0.006 மி.மீ., ஆகவே கம்பி சரியாக 2 பிக்ஸல். ஆனால் மங்கலும் வெளிச்சக் கரையும் சேர்ந்து, படத்தில் அது 6 முதல் 8 பிக்ஸல் இடத்தைப் பிடித்திருக்கும். கண்ணுக்குத் தெரியும் கறுப்பை மட்டும் பார்த்து 4 பிக்ஸல் பிரஷ் வைத்தால், கறுப்பு போய்க் கரை மட்டும் நிற்கும். அதுதான் அந்த வெளுத்த கோடு.

பிரஷை 10 முதல் 14 பிக்ஸலுக்கு ஏற்றுங்கள். `Hardness` 80-க்குக் குறையாமல் இருக்கட்டும். மெத்தென்ற பிரஷின் முழு வேலையும் நடுவில்தான் நடக்கும், ஓரத்தில் பாதிதான் நடக்கும். அந்தப் பாதியில்தான் பழைய கம்பியின் சாயல் தங்கும். அதற்காக 40 பிக்ஸலுக்குப் போகாதீர்கள். புதிதாக நிரப்ப வேண்டிய பட்டை அகலமாக அகலமாக, ஒட்டுப்போட்டது தெரியும்.

தடம் வெளுப்பாக இல்லாமல், சுற்றியிருக்கும் வானத்தைவிட வழவழவென்று இருந்தால் காரணம் வேறு. ஒரே இடத்தை மூன்று நான்கு முறை தேய்த்திருப்பீர்கள். ஒவ்வொரு முறையும் வானத்தின் பொடிமணல் போன்ற துகள் கொஞ்சம் கரைகிறது. அந்தத் துண்டை லேயரிலிருந்து அழித்து, ஒரே இழுப்பில் மறுபடி செய்வதே நல்லது. வேலை வெகுதூரம் போய்விட்டதென்றால் மேலே 50 சதவீத சாம்பல் நிரப்பிய லேயர் ஒன்றை `Overlay` முறையில் வைத்து, `Add Noise`-இல் `Gaussian`, `Monochromatic` இரண்டையும் தேர்ந்து 1 முதல் 3 சதவீதத்துக்குள் பார்த்து, மாஸ்க் வைத்துத் தடத்தில் மட்டும் தெரியவிடுங்கள்.

கோளாறு: அழித்த இடத்தில் கம்பித் துண்டு மறுபடி முளைக்கிறது, அல்லது வெறும் வானத்தில் ஓலைத் துண்டு வருகிறது

`Spot Healing Brush` தானாகப் பக்கத்தில் தேடி எடுத்து நிரப்பும். மூன்று கம்பிகள் நெருங்கிப் போகும்போது, பக்கத்தில் கிடைப்பது அடுத்த கம்பிதான். ஊருக்குள் நாலைந்து கம்பி ஒன்றன்கீழ் ஒன்றாகப் போகும் லைனில் இது இன்னும் மோசமாக நடக்கும்.

நடுக் கம்பியில் கைவைக்காதீர்கள். ஒரு பக்கமாவது சுத்தமான வானம் உள்ள மேல் கம்பியில் தொடங்குங்கள். அங்கே `Healing Brush`-ஐ எடுத்து, Alt அழுத்திக் கம்பிக்கு மேலே 20 பிக்ஸல் தள்ளிச் சுத்தமான வானத்தில் மாதிரி எடுத்து, கம்பியின் மேல் இழுங்கள். இப்போது எங்கிருந்து எடுக்க வேண்டும் என்பதை நீங்கள் சொல்கிறீர்கள், கருவி தேடுவதில்லை. மேல் கம்பி போனதும் நடுக் கம்பிக்கு மேலே சுத்தமான இடம் கிடைத்துவிடும். அப்படியே படிப்படியாகக் கீழே இறங்கலாம்.

ஓலைத் துண்டு முளைப்பதற்குக் காரணம் இழுப்பின் நீளம். ஓரத்திலிருந்து ஓரம் வரை ஒரே இழுப்பில் இழுத்தால், நிரப்ப வேண்டிய இடம் படம் முழுக்க நீண்டு, கருவி எங்கிருந்து வேண்டுமானாலும் எடுத்துவிடும். ஓரிடத்தில் சொடுக்கி, 200 முதல் 300 பிக்ஸல் தள்ளி Shift அழுத்திச் சொடுக்கினால் நடுவே நேர்கோடாகப் போகும். கம்பி இரண்டு கம்பங்களுக்கு நடுவே தொய்ந்து வளைந்திருப்பதால், அதற்கு மேல் நீளமாகப் போனால் நேர்கோடு கம்பியை விட்டு விலகிவிடும். தொய்வு அதிகம் என்றால் `Pen Tool`-ஆல் கம்பியின் மேலேயே ஒரு பாதை வரைந்து, `Stroke Path`-இல் `Healing Brush`-ஐத் தேர்ந்தெடுக்கலாம். மாதிரியை முன்பே எடுத்து வைத்திருக்க வேண்டும், பிரஷின் அளவும் முன்பே சரியாக இருக்க வேண்டும். `Simulate Pressure` டிக் எடுத்திருக்க வேண்டும். அது இருந்தால் பாதையின் இரு முனைகளிலும் பிரஷ் கூம்பிப்போய், முனையில் கம்பி மிச்சம் நிற்கும்.

கோளாறு: பனந்தலைக்குப் பக்கத்தில் கறுப்பு மை தெளித்தது போல் இருக்கிறது

இதுதான் அதிகமானவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம். ஹீலிங் கருவிகள் இரண்டுமே, நிரப்பிய துண்டின் நிறத்தை அதன் ஓரத்தில் உள்ள நிறத்தோடு கலந்து சரிசெய்கின்றன. ஓரம் முழுக்க வானமாக இருந்தால் அந்தக் கலப்பு அழகாக அமையும். ஓரத்தின் ஒரு பக்கம் கறுத்த ஓலையாக இருந்தால், அந்தக் கறுப்பும் உள்ளே இழுக்கப்பட்டு வானத்தில் பரவும். பிரஷைச் சிறிதாக்கினாலும் இது நிற்காது. ஓலையைத் தொட்டுக்கொண்டிருக்கும் வரை இழுத்துக்கொண்டேதான் இருக்கும்.

அதனால் ஓலைக்கு அருகே ஹீலிங் வேண்டாம். `Clone Stamp` எதையும் கலக்கத் தெரியாத கருவி. எடுத்ததை எடுத்தபடி வைக்கும். இந்த இடத்தில் அந்தக் குணம்தான் வேண்டும். பிரஷ் 5 பிக்ஸல், `Hardness` 70, `Opacity` 100, `Aligned` டிக் இருக்கட்டும். 300 சதவீதத்தில் வைத்து வேலை செய்யுங்கள்.

முதலில் கம்பியை ஓலையிலிருந்து அறுக்க வேண்டும். கம்பி ஓலை நுனியைத் தொடும் இடத்துக்கு வெளியே, 15 முதல் 20 பிக்ஸல் நீளத்துக்கு வானத்தால் மூடுங்கள். மாதிரியை எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்பது முக்கியம். காலை வானம் அடிவானத்தில் வெளுத்தும் மேலே போகப் போக நீலம் கூடியும் இருக்கும். ஒரே உயரத்தில் உள்ள இரண்டு இடங்கள் ஏறக்குறைய ஒரே நிறம், உயரம் மாறினால் நிறம் மாறும். கம்பி சாய்வாகப் போனால் அதே உயரத்தில் பக்கவாட்டிலிருந்து எடுங்கள். கம்பி படுக்கையாகப் போனால் அதே உயரத்தில் முழுக்கக் கம்பிதான் இருக்கும், ஆகவே கம்பிக்கு நேர் மேலே 8 முதல் 10 பிக்ஸலுக்குள் எடுங்கள். அதைவிட உயரத்திலிருந்து எடுத்தால் நீலம் கூடிய ஒரு பொட்டு ஒட்டியது போலத் தெரியும்.

அடுத்து ஓலையின் ஓரம். பனையோலை விசிறி போல விரல் விரலாகப் பிரிந்திருக்கும், ஒவ்வொரு விரலின் ஓரமும் நேர்கோடு. கம்பி அந்த ஓரத்தைக் கடக்கும் இடத்தில் சின்னதாக ஒரு முள் நீட்டிக்கொண்டிருக்கும். அதே விரலின் ஓரத்தில், கம்பிக்கு 8 பிக்ஸல் மேலே, ஓரக்கோட்டின் மேலேயே Alt அழுத்தி மாதிரி எடுங்கள். பிறகு முள் இருக்கும் இடத்தில் அதே ஓரக்கோட்டின் மேல் ஒரு தட்டு. பாதி ஓலை, பாதி வானம் என்று மாதிரி அப்படியே பொருந்தி, விரலின் ஓரம் தொடர்ந்து ஓடும். இழுக்காதீர்கள், தட்டுங்கள். இரண்டு தட்டில் முடியவில்லை என்றால் மாதிரி எடுத்த இடம் ஓரக்கோட்டிலிருந்து விலகியிருக்கிறது என்று பொருள்.

தலைக்கு உள்ளே, விரல்களுக்கு நடுவே தெரியும் சிறு வான ஜன்னல்களில் கம்பி ஓடும். ஜன்னல் 10 பிக்ஸலுக்குக் குறைவென்றால் அதை விட்டுவிடலாம். அங்கே நிற்கும் கறுத்த கோட்டை ஓலை நரம்பாகத்தான் கண் எடுத்துக்கொள்ளும். அதைத் துடைக்கப் போய் ஓலையின் விரல் உடைந்தால்தான் யாருக்கும் தெரியும். பெரிய ஜன்னல் என்றால் அதே ஜன்னலின் வானத்திலிருந்தே மாதிரி எடுங்கள். வெளிவானத்திலிருந்து எடுத்தால் நிறம் ஒட்டாது, ஓலைகளுக்கு நடுவே தெரியும் வானம் கொஞ்சம் மங்கியே இருக்கும். கம்பி ஓலைக்கு முன்னால் போய், கறுப்பில் கறுப்பாக மறைந்திருந்தால் தொடவே வேண்டாம்.

இப்படி இருபுறமும் அறுத்த பிறகு, கம்பி வானத்தில் தனித் துண்டாக நிற்கும். இனி அதன் சுற்றிலும் வானம்தான். ஹீலிங் கருவிக்குக் கறுப்பு எங்கிருந்தும் கிடைக்காது.

தென்னந்தோப்பின் மேல் கம்பி போகும் படத்திலும் இதே முறைதான், வேலைதான் கூடும். தென்னங்கீற்று மெல்லிசாக, காற்றில் அசைந்து மங்கலாக இருக்கும். மங்கிய கீற்றுக்கு `Hardness` 30-க்கு இறக்குங்கள். கூர்மையான ஓரத்தால் மங்கிய கீற்றைத் தொட்டால் அந்த ஒரு இடம் மட்டும் வெட்டினது போலத் தெரியும்.

கோளாறு: மலை விளிம்பில் பள்ளம் விழுகிறது, அதற்குக் கீழே கம்பி வெள்ளையாகத் தெரிகிறது

வானத்தின் முன்னால் கறுப்பாகத் தெரிந்த அதே கம்பி, மலையின் இருட்டுக்கு முன்னால் வெள்ளிக்கோடாகத் தெரியும். அலுமினியக் கம்பியில் காலை வெயில் படுவதுதான் காரணம். விளிம்பைத் தாண்டிக் கண்ணுக்குக் கம்பி முடிந்துவிட்டது போல் இருக்கும். வானத்தில் மட்டும் அழித்துவிட்டு நின்றால், மலையின் நடுவிலிருந்து ஒரு வெள்ளை இழை தொடங்கும்.

விளிம்பை முதலில் முடியுங்கள். பனையோலை ஓரத்தில் செய்ததைப் போலவே, விளிம்பின் மேல் 30 பிக்ஸல் தள்ளி மாதிரி எடுத்து, கம்பி கடக்கும் இடத்தில் விளிம்பின் மேலேயே ஒரே தட்டு. ஆனைமலை விளிம்பு காலைப் பனிப்புகையில் மங்கியிருக்கும், ஆகவே இங்கும் `Hardness` குறைவாக வையுங்கள். பிறகு `Lasso`-வால் மலைப் பகுதியை மட்டும், மேல் ஓரம் விளிம்போடு சரியாக ஒட்டும்படி தேர்ந்தெடுங்கள். தேர்வு போட்டுவிட்டு `Healing Brush` ஓட்டினால், தேர்வுக்கு வெளியே உள்ள வானத்தின் வெளிச்சம் உள்ளே கசியாது. மேலே வானத்துக்கும் அப்படியே தேர்வு போட்டுச் செய்யலாம். பனந்தலைக்கு இந்தத் தேர்வு முறை சரிவராது. அத்தனை விரல்களையும் சுற்றித் தேர்வு போடுவதற்குள் கையால் அறுத்து முடித்துவிடலாம். மலை விளிம்பு போன்ற நீண்ட, எளிய கோட்டுக்குத்தான் அது.

மலையில் வெள்ளி இழை மிக மெல்லிதாக இருந்தால் இன்னும் சுலபமான வழி உண்டு. `Clone Stamp`-இன் `Mode`-ஐ `Darken`-க்கு மாற்றி, பக்கத்து மலைச்சரிவிலிருந்து எடுத்து இழுங்கள். அடியில் இருப்பதைவிட இருட்டாக உள்ள பிக்ஸல் மட்டுமே பதியும். வெள்ளி இழை மறையும், அதைச் சுற்றியுள்ள மலையின் மேடுபள்ளம் பெரும்பாலும் அப்படியே நிற்கும். வேலை முடிந்ததும் `Mode`-ஐ மறக்காமல் `Normal`-க்குத் திருப்பிவிடுங்கள். அடுத்த இடத்தில் கருவி ஏன் வேலை செய்யவில்லை என்று தேட வேண்டியிருக்காது.

காற்றாலை இறக்கையையும் இங்கேயே கவனியுங்கள். தூரத்து இறக்கை, கம்பியைப் போலவே 4, 5 பிக்ஸல் அகலத்தில் இருக்கும். ஹீலிங் கருவி இரண்டையும் ஒன்றாகத்தான் பார்க்கும், நுனியைத் தின்றுவிடும். மூன்று இறக்கையில் ஒன்று குட்டையாக நின்றால் பார்க்கிறவர்களுக்கு உடனே தெரியும். இறக்கைக்கு இருபுறமும் 10 பிக்ஸல் `Clone Stamp`-ஆல் அறுத்துவிட்டுப் போங்கள்.

கோளாறு: மேகத்தில் ஒரே திட்டு இரண்டு முறை தெரிகிறது

மாதிரியை மிக அருகிலிருந்து, ஒரே திசையில் எடுத்துக்கொண்டே போனதால் வருவது. மேகத்தின் ஓரமும் ஓலை ஓரம் போலத்தான், அதன் வளைவைத் தொடர வேண்டும். மேகத்துக்குள் ஒவ்வொரு 100 பிக்ஸலுக்கும் மாதிரியை மாற்றுங்கள், ஒரு முறை கம்பிக்கு மேலிருந்து, ஒரு முறை கீழிருந்து. பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் இழுபட்டு நூல் நூலாக நிற்கும் மேகம் என்றால், நூல் ஓடும் திசையிலேயே தள்ளி எடுத்தால் ஒட்டு தெரியாது.

கோளாறு: வானம் படிக்கட்டு போலப் பட்டை பட்டையாகிறது

8 பிட்டில் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான். மெதுவாக மாறும் வானத்தில் திருத்தத்துக்கு மேல் திருத்தம் போட்டால் படிகள் பிரிந்து தெரியும். ராவிலிருந்து 16 பிட்டில் மறுபடி திறப்பதே வழி. ஜேபெக் மட்டும்தான் இருக்கிறது என்றால் மேலே சொன்ன 1 சதவீதத் துகளை வானம் முழுக்கப் போட்டால் பட்டை கரையும்.

எல்லாம் சரியாக இருக்கிறது, ஆனால் ஏதோ உறுத்துகிறது

வாய்க்காலைப் பாருங்கள். வானத்தில் அழித்த மூன்று கம்பிகளும் தண்ணீரில் நெளிந்துகொண்டு கிடக்கும். கலங்கிய தண்ணீரில் அவை உடைந்த துண்டுகளாக இருப்பதால் `Spot Healing Brush`-ஆல் ஒவ்வொன்றாகத் தட்டினாலே போதும்.

பிறகு கம்பியில் உட்கார்ந்திருந்த பறவை. ஒரு பனங்காடையோ கரிச்சானோ உட்கார்ந்திருந்து, கம்பி மட்டும் போயிருந்தால், அது காலை மடக்கி அந்தரத்தில் நிற்கும். பறவையையும் எடுத்தாக வேண்டும். கம்பமும் அப்படித்தான். படத்தின் ஓரத்தில் கம்பம் இருந்தால் கம்பியில்லாமல் குறுக்குச் சட்டமும் பீங்கானும் மட்டும் நிற்கும். அதை ஓரத்தோடு வெட்டிவிடலாம். வெட்ட இடமில்லை, கம்பம் தோப்பின் நடுவில் நிற்கிறது என்றால், கம்பியை விட்டுவைப்பதே நல்லது. கம்பத்தை அழிக்கப்போனால் பின்னால் உள்ள மரங்களை நாமே வரைய வேண்டியிருக்கும், அது திருத்தம் என்ற எல்லையைத் தாண்டிய வேலை. செய்திக்கு அனுப்பும் படமென்றால் கம்பியைத் தொடவே கூடாது.

கடைசியாக ஒரு சோதனை லேயர். எல்லாவற்றுக்கும் மேலே `Curves` போட்டு, கோட்டை வானத்தின் வெளிச்சம் இருக்கும் இடத்தில் செங்குத்தாக நிமிர்த்துங்கள். சாதாரணமாகக் கண்ணுக்குத் தெரியாத ஒரு படி நிற வித்தியாசமும் பளிச்சென்று வந்துவிடும். கம்பி போன தடம் அங்கே கோடாகத் தெரிந்தால் எந்த இடம் என்று குறித்துக்கொண்டு, அந்தத் துண்டை மட்டும் அழித்து மறுபடி செய்யுங்கள். `Flip Canvas Horizontal` போட்டு ஒரு முறை புரட்டியும் பாருங்கள், பழகிப்போன கண்ணுக்குத் தப்பிய திட்டு தெரியும். பிறகு படத்தை மறுபடி புரட்டிவிட்டு, சோதனை லேயரை நீக்கி, ஷார்ப்பனும் `Dehaze`-உம் இப்போது போடுங்கள். `Dehaze` போட்டதும் 100 சதவீதத்தில் இடமிருந்து வலம் இன்னொரு முறை ஓட்டிப் பார்க்க வேண்டும். ஒளிந்திருந்த தடத்தை வெளியே கொண்டுவருவதில் அதற்கு இணை இல்லை.